கையை எடுங்க

அவன் குனிந்தது செருப்பைக் கழற்றி என்னை அடிப்பதற்குத்தான். அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

அதுவரை ஒழுங்காகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். வெல்டிங் வேலை, குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்திருக்கிறான், பிரஷர் சாதாரணம். நான் மயக்க மருந்து டாக்டர். ஆபரேஷனுக்கு முன்னால் ஆளைப் பார்த்து, மயக்கம் தாங்குவானா மாட்டானா என்று சொல்வது என் வேலை. ஒருகாலத்தில் பெரிய ஆபரேஷன் தியேட்டரில் நின்றவளை இந்த ஜன்னல் இல்லாத அறையில் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். தாகம் எடுத்தது. தண்ணீர் குடிக்க முகக்கவசத்தை இறக்கினேன். அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"நீயா?" என்றான். 'நீங்க' ஒரே நொடியில் 'நீ' ஆனது. "எங்க அக்காவைக் கொன்னவதானே நீ?"

முகம் செங்கல் மாதிரி சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கோபம் வந்த மனிதனுக்கு என்ன ஆகுமோ அதெல்லாம் ஆனது. மூளை உத்தரவு போடும், நரம்பு வழியாக அது இறங்கும், சிறுநீரகத்துக்கு மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் உள்பகுதி அட்ரினலினை ரத்தத்தில் விடும். இதயம் வேகமாகவும் பலமாகவும் அடிக்கும். குடலுக்குப் போகிற ரத்தம் குறைந்து கைகால் தசைக்குத் திரும்பும். கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை அவிழ்த்துக் கொட்டும். அடி, இல்லாவிட்டால் ஓடு. இவன் அடிக்க முடிவு செய்துவிட்டான்.

செருப்புக்காகக் குனிந்தான். அரைக் குனியலிலேயே நின்றுவிட்டான்.

நிமிர்ந்தபோது அந்தச் சிவப்பு இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் போல முகம் வெளுத்திருந்தது. நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது, சட்டை முதுகோடு ஒட்டியது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "மறுபடியும் வருது" என்றான். பிரஷர் பட்டை அவன் கையில்தான் இருந்தது. பொத்தானை அழுத்தினேன். இருநூற்று முப்பது.

கோபம் ஏற்கனவே வந்து முகத்தைச் சிவக்க வைத்தாகிவிட்டது. இது கோபம் இல்லை. குனிந்ததால் வந்தது. வயிற்றுக்குள் ஏதோ ஒன்று நசுங்கியிருக்கிறது, நசுங்கி எதையோ ரத்தத்தில் பீய்ச்சியிருக்கிறது. இந்த வெளுப்பை நான் முன்பே ஒரு முறை பார்த்திருக்கிறேன். மேஜை மேல், பச்சைத் துணிக்கு வெளியே தெரிந்த ஒரு பெண்ணின் முகத்தில். இவனுடைய அக்கா முகத்தில்.

என் நெஞ்சு குளிர்ந்தது. மறைக்க மாட்டேன், குளிரத்தான் செய்தது. ஒருவன் உயிர் போகிற வலியில் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், எனக்கோ, மாட்டினான்டா தங்கக்கை என்று குதிக்க வேண்டும் போல இருந்தது.

தங்கக்கை என்பது எங்கள் பெரிய சர்ஜன். அவர் கைக்கு ஊர் வைத்த பெயர். அவர் கேட்டால் அடக்கமாகச் சிரிப்பார், கேட்காத இடத்தில் யாராவது சொல்ல மறந்தால் ஞாபகப்படுத்துவார். சில வருஷம் முன்னால், அன்றைக்கு அந்தப் பெண்ணுக்குப் பித்தப்பை ஆபரேஷன். கல்லீரலை ஒதுக்கிப் பிடித்து இழுத்து வேலை செய்துகொண்டிருந்தார். அதற்குப் பின்னால்தான் வலது பக்க அட்ரினல் இருக்கிறது. பிரஷர் சடசடவென ஏறியது. "சார், கையை எடுங்க, பிரஷர் ஏறுது" என்றேன். "உங்க மயக்கம் போதலை மேடம், இன்னும் ஆழமா போடுங்க" என்றார். மருந்தைக் கூட்டினேன், கேட்கவில்லை. மறுபடியும் கையை எடுக்கச் சொன்னேன். "இங்க ஆபரேஷன் பண்றது யாரு?" என்று கேட்டுவிட்டு இன்னொரு இழுப்பு இழுத்தார். அந்தப் பெண்ணின் நுரையீரல் நுரைத்து, வாயில் போட்டிருந்த குழாய் வழியே மேலே வந்தது. இதயம் துடிப்பதை விட்டுப் புழு மாதிரி நெளிந்தது. பிறகு அதையும் விட்டது.

அட்ரினலில் கட்டியாக இருக்கும் என்று அன்றைக்கே சொன்னேன். உடலை அறுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தங்கக்கை வெளியே போய், கையைக் கட்டிக்கொண்டு, வீட்டாரிடம் மெதுவான குரலில், "மயக்கம் கொடுத்த அம்மா சரியா கொடுக்கலை, நான் என்னால ஆனதைப் பண்ணிப் பார்த்தேன்" என்று சொன்னார். பிறகு எதற்கு அறுக்க வேண்டும்? அவரைக் கும்பிட்டுவிட்டு, உடலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். விசாரணையில் அவருடன் நின்ற தியேட்டர் சிஸ்டர் எதுவும் கேட்கவில்லை, பார்க்கவில்லை என்றாள். பழி முழுசாக என் தலையில் விழுந்தது. அந்தப் பெண்ணுக்குக் கைக்குழந்தை இருந்தது என்பதைப் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

வெல்டரைப் படுக்க வைத்தேன். கொஞ்ச நேரத்தில் பிரஷர் தானாக இறங்கியது. முகத்துக்கு நிறம் திரும்பியது.

"இது எத்தனை நாளா வருது?"

"உங்களுக்கு எதுக்கு?" என்றான். சக்தி இல்லாததால் 'நீ' மறுபடி 'நீங்க' ஆகியிருந்தது.

"என் மேல இருக்கிற கோபத்தை அப்படியே வெச்சுக்க. இதுக்கு மட்டும் பதில் சொல்லு."

சொன்னான். ரொம்ப நாளாக வருகிறது. வெல்டிங் பண்ணக் குனியும்போது, கனமான சிலிண்டரைத் தூக்கும்போது. டென்ஷன் என்றார்கள் ஒரு இடத்தில். கல்யாணம் பண்ணினால் சரியாகிவிடும் என்றார்கள் இன்னொரு இடத்தில். நன்றாகச் சாப்பிடுகிறான், ஆனாலும் இளைக்கிறான். சர்க்கரை என்று சொல்லி ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். படபடப்புக்கு என்று யாரோ இன்னொரு மாத்திரை கொடுத்தார்களாம்.

"அதைப் போட்டதும் தலை வெடிச்சிடும் போல இருந்துச்சு. தூக்கிக் குப்பையில போட்டுட்டேன்."

"அதனாலதான் உயிரோட இருக்கே" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த மாத்திரை இதயத்தை அடக்கும், தசைக்குள் இருக்கும் ரத்தக்குழாய் விரிவதையும் தடுத்துவிடும். மற்ற குழாய்கள் இறுகுவதை அது தொடாது. இறுகிய குழாய்களுக்கு எதிராக, கையைக் கட்டிப்போட்ட இதயம் ரத்தம் தள்ள வேண்டும். முதலில் குழாயைத் தளர்த்த வேண்டும், அது நன்றாகத் தளர்ந்த பிறகுதான் இதயத்தின் பக்கமே போக வேண்டும். இந்த வரிசை மாறினால் ஆள் போய்விடுவான்.

குடலிறக்க ஆபரேஷனை நிறுத்தினேன். அவனை அமைதியாக வெகுநேரம் படுக்க வைத்து, படுத்த நிலையிலேயே ரத்தம் எடுக்கச் சொன்னேன். உட்கார்ந்து எடுத்தால் நல்ல ஆளுக்கும் அட்ரினலின் அளவு ஏறிக் காட்டும், அதைச் சாக்காக வைத்துத் தங்கக்கை என் முடிவைக் குப்பையில் போட்டுவிடுவார். அவருக்கு எந்தச் சந்தும் விடுவதாக இல்லை. ரத்தத்தில் அளவு எகிறியிருந்தது. ஸ்கேனில் வலது சிறுநீரகத்துக்கு மேல், எலுமிச்சை அளவுக்கு, உருண்டையாக உட்கார்ந்திருந்தது. அக்காவுக்கும் வலது பக்கம்தானே என்று திரையைப் பார்த்தபடி ஒருமுறை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

நல்ல அட்ரினல் நரம்பு சொன்னால்தான் சுரக்கும். இந்தக் கட்டிக்கு எஜமானன் கிடையாது. பயமும் வேண்டாம், கோபமும் வேண்டாம், சும்மா அழுத்தினாலே கொட்டும். சிங்கம் துரத்தும்போது உடம்பு செய்கிறதையெல்லாம் இந்த மனிதனின் உடம்பு பல் தேய்க்கும்போது செய்துகொண்டிருந்தது.

அவனுடைய அம்மாவும் வந்தாள். கூடவே ஒரு சின்னப் பெண். இறந்தவளின் மகள். வெல்டர்தான் வளர்க்கிறான், மாமா மாமா என்று அவன் சட்டையைப் பிடித்தே நின்றாள். விஷயத்தைச் சொன்னேன்.

"இத்தனை டாக்டர்ங்க பையன் நடிக்கிறான்னாங்க. நீ ஒருத்திதான் நம்பினே. உன்கிட்டயே திரும்ப வரணும்னு என் தலையெழுத்து" என்றாள் அம்மா.

"என்னைக் கொன்னுட்டீங்கன்னா, பேயா வந்து உங்க கழுத்தைப் பிடிப்பேன்" என்றான் மகன்.

"குனியாம வா" என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்காக அவன் மேல் அவனுக்கே கோபம் வந்தது, அது முகத்தில் தெரிந்தது.

ஆபரேஷன் யார் செய்வது? இங்கே அட்ரினல் கட்டியை எடுக்கக்கூடிய ஒரே கை தங்கக்கைதான். இருக்கட்டும், அவரேதான் செய்ய வேண்டும் என்று விரும்பினேன். அவர் அந்த அக்காவைச் சுத்தமாக மறந்திருந்தார். ஸ்கேனைக் காட்டியதும் கண் மினுங்கியது. டாக்டர்கள் கூட்டங்களில் படம் போட்டுக் காட்ட ஒரு கேஸ் கிடைத்த சந்தோஷம். மற்ற மயக்க டாக்டர்கள் பயந்து ஒதுங்கினார்கள். போட்டிக்கு ஆளில்லாமல் அந்த மேஜையின் தலைமாட்டை எனக்கே கொடுத்தார்கள்.

அவன் யார் தம்பி என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல ஒரு நேரம் வைத்திருந்தேன்.

முதலில் குழாயைத் தளர்த்தும் மாத்திரை, மெதுவாகக் கூட்டிக்கூட்டி. அத்தனை காலம் இறுகிக் கிடந்த குழாய்க்குள் ரத்தத்தின் அளவே சுருங்கியிருக்கும், அதனால் உப்பும் தண்ணீரும் தாராளமாக. உட்கார்ந்து எழுந்தால் லேசாகத் தலை சுற்றியது, மூக்கடைத்தது. "மருந்து வேலை செய்யுது" என்று சொல்லி அவன் திட்டை வாங்கிக்கொண்டேன். பிறகுதான் இதயத்துக்கான மாத்திரை. உள்ளங்கை முதல் முறையாகச் சூடாக இருக்கிறது என்று அம்மா அவன் கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள்.

ஆபரேஷன் அன்று அதே தியேட்டர். அதே சிஸ்டர். வயதாகி இன்னும் ஒல்லியாகியிருந்தாள், என் கண்ணைப் பார்க்கவில்லை. மணிக்கட்டு ரத்தக்குழாயில் ஊசி ஏற்றி, ஒவ்வொரு துடிப்பின் பிரஷரும் திரையில் ஓடும்படி வைத்தேன். குழாயைத் தளர்த்தும் மருந்து ஒரு கைப்பக்கம், இறுக்கும் மருந்து மறு கைப்பக்கம்.

தங்கக்கை கல்லீரலை ஒதுக்கினார். கட்டியைத் தொட்டார். அலை எழும்பியது. நூற்று எண்பது, இருநூற்று பத்து, இருநூற்று நாற்பது.

"கையை எடுங்க" என்றேன்.

எடுத்தார். இந்த ஆபரேஷனில் எடுத்துத்தான் ஆக வேண்டும், அது அவருக்கும் தெரியும். மருந்தை ஓட்டினேன், அலை இறங்கியது. அந்த இரண்டு தங்கக் கைகளும் காற்றில், போலீஸ் துப்பாக்கி காட்டியதுபோல, என் ஒரு வார்த்தைக்காகத் தூக்கி நின்றன. இத்தனை வருஷத்தில் எந்தச் சாப்பாடும் எனக்கு அவ்வளவு ருசித்ததில்லை.

"இப்போ தொடலாமா மேடம்?"

"தொடலாம் சார்." கொஞ்சம் விட்டுச் சொன்னேன். "இவரோட அக்காவுக்கும் இதே மேஜையிலதான் பித்தப்பை ஆபரேஷன் பண்ணீங்க. அன்னைக்கும் கையை எடுங்கன்னு சொன்னேன்."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் பெரிதாகியது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. நூற்று அறுபதுக்கு ஏறியதும் "கையை எடுங்க" என்றேன். அதற்கெல்லாம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, மருந்திலேயே சமாளித்திருப்பேன். எடுத்தார். மறுபடி தொட்டார், பிரஷர் அசையக்கூட இல்லை. "கையை எடுங்க." எடுத்தார். அவர் நெற்றியில் வியர்வை பூத்தது. சிஸ்டர் ஒற்றி எடுத்தாள். "என்ன சார், கையை எடுத்தா ஆபரேஷன் பண்ண முடியலையா? அன்னைக்கு எடுக்கலை. என்ன ஆச்சு?" என்று அன்றைய அதே குரலில் கேட்டேன். எனக்கு நடுங்கவில்லை, குரல் உயரவில்லை. அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

அப்போதுதான் அவர் விரல்களைப் பார்த்தேன்.

நடுங்கின.

பயந்த மனிதனின் விரல் நடுங்குவது மனதில் இல்லை, தசையில். அட்ரினலின் போய்த் தசைநாரைத் தொட்டால் அது நடுங்கும், தங்கமா தகரமா என்று அதற்குத் தெரியாது. இவருக்கு எந்தக் கட்டியும் இல்லை. இரண்டு நல்ல அட்ரினல்கள் இருக்கின்றன, அவற்றை நான் என் நாக்கால் பிழிந்துகொண்டிருந்தேன். பிழிந்தது அவர் விரலில் இறங்கி, அந்த விரல் வெல்டரின் வயிற்றுக்குள் இருந்தது. வலது பக்கம் கட்டியின் சிரை குட்டையானது, நேராக உடம்பின் பெரிய சிரைக்குள் போய்ச் சேரும். ஒரு நூல் அளவு தவறினால் பெரிய சிரை கிழியும். வயிறு நிறைந்து வழிவதற்கு, நான் ஒரு பாட்டில் ரத்தம் மாட்டி முடிக்கிற நேரம்கூட ஆகாது.

சிஸ்டர் முதல் முறையாக என்னைப் பார்த்தாள். "மேடம், போதும்" என்றாள். ரொம்ப மெதுவாக.

துணிக்கு இந்தப் பக்கம் வெல்டரின் முகம் இருந்தது. கண்ணிமையில் நான் ஒட்டிய பிளாஸ்திரி. குனியாம வா என்றபோது சிரித்த வாயில் நான் போட்ட குழாய். வெளியே ஒரு சின்னப் பெண், ஏற்கனவே இந்தக் கதவுக்கு வெளியே ஒரு முறை அம்மாவைப் பறிகொடுத்தவள்.

தங்கக்கையின் விரல் நிற்க வேண்டும். அதை நிறுத்தக்கூடிய மருந்து என் தட்டில் இல்லை. என் வாயில்தான் இருந்தது. அதை எடுக்க எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லவா? காறி வெளியே துப்பியதைத் திரும்ப வாய்க்குள் போட்டுக்கொள்வது போல இருந்தது.

"சார்," என்றேன், "பிரஷர் நல்லா இருக்கு. என் பக்கம் எல்லாம் கட்டுக்குள்ள இருக்கு. அவசரமே இல்லை, நேரம் எடுத்துக்கங்க."

அவர் மூச்சு விட்டார்.

"இந்தச் சிரையை உங்களைத் தவிர இங்க யாராலயும் கட்ட முடியாது சார். உங்க கை தெரியாதா எங்களுக்கு?"

இன்னொரு மூச்சு. இன்னும் கொஞ்சம் தேன் தடவினேன். பழைய ஆபரேஷன்களைப் பற்றிக்கூட இரண்டு வார்த்தை சொன்னேன். விரல் மெல்ல மெல்ல அடங்கியது, அந்த மனிதன் புகழ்ச்சியைக் குடித்து வளர்ந்த செடி. சிரைக்கு அடியில் கிளிப் நுழைந்தது. "போடட்டுமா?" என்றார். "போடுங்க சார்" என்றேன்.

கிளிப் விழுந்த அடுத்த நொடி பிரஷர் கிணற்றில் விழுந்தது. இத்தனை நாளாகக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருந்த ஊற்று நின்றுவிட்டது, எல்லாம் ஒரே நேரத்தில் தளர்ந்துவிட்டன. அதற்குத்தான் காத்திருந்தேன். தளர்த்தும் மருந்தை நிறுத்தினேன், திரவத்தைப் பிழிந்து ஏற்றினேன், இறுக்கும் மருந்தைத் திறந்தேன். எழுபது, எண்பது, நூறு. நின்றது.

சாயங்காலம் அவன் சரியாக விழிக்கவில்லை. கூப்பிட்டால் முனகினான். தங்கக்கை கட்டிலருகே வந்து, மாணவர்கள் காதில் விழும்படி, "மயக்கம் கொஞ்சம் தாராளமா போட்டுட்டீங்க போல மேடம்" என்றார். நான் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தேன். சர்க்கரை முப்பத்தெட்டு. கட்டி இருந்தவரை இன்சுலினை அடக்கிவைத்து, கல்லீரலைக் கறந்துகொண்டே இருந்தது. கட்டி போனதும் அடங்கிக் கிடந்த இன்சுலின் துள்ளி எழுந்துவிட்டது. சிரை வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினேன். கண்ணைத் திறந்து, "தண்ணி" என்றான். திரும்பிப் பார்த்தேன், தங்கக்கை போயிருந்தார்.

வெளியே, கையைக் கட்டிக்கொண்டு, அவனுடைய அம்மாவிடம் மெதுவான குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். "ரொம்பக் கஷ்டமான கேஸ். எப்படியோ காப்பாத்திட்டேன்." அம்மா அவரைக் கும்பிட்டாள். பிறகு ஒரு கூட்டத்தில் படம் போட்டுக் காட்டினார் என்றும் கேள்விப்பட்டேன். நான் அவரைப் புகழ்ந்ததையும் அதில் சேர்த்துச் சொன்னாராம்.

பழைய விசாரணையைத் திறக்கச் சொல்லிப் போய் நின்றேன். ஆஸ்பத்திரி சூப்பிரண்டு பென்சிலை உருட்டினார். "தம்பிக்கு இருந்தா அக்காவுக்கும் இருந்திருக்கும்னு எப்படிச் சொல்றது? உடம்பை எரிச்சாச்சு. ஆதாரம் எங்கே?"

ஆதாரம் இருக்கலாம். இந்தக் கட்டி சில குடும்பங்களில் ரத்தத்தோடு வரும். வெல்டரின் ரத்தத்தில் அந்தப் பழுதான மரபணு இருந்தது. அக்காவின் மகளுக்கும் அது இருந்தால், அவள் அம்மா வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். குழந்தைக்கு எப்படியும் பரிசோதனை செய்தாக வேண்டும், அது அவள் நன்மைக்குத்தான். ரத்தம் எடுத்து அனுப்பினோம். அந்தச் சின்ன உடம்பு, எரிந்துபோன உடம்புக்காகச் சாட்சி சொல்லும்.

முடிவுக்காக நான் காத்திருந்த நாட்களில் வீட்டில் யாரும் என்னிடம் வாய் கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை, எது எங்கே சிக்கியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவருக்குப் பழக்கம். தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"அந்தப் புள்ளைக்கு அது இருக்கணும்னு வேண்டிக்கிறியா?"

கையிலிருந்த கரண்டியை அவர் மேல் எறிந்தேன். குறி தப்பியது. அவர் குனிந்து எடுத்து அதையும் கழுவி வைத்தார். எறிந்தேன், ஏனென்றால் பதில் ஆமாம்.

முடிவு வந்தது. குழந்தைக்கு இல்லை.

ஒரு மூச்சு நேரம், ஒரே ஒரு மூச்சு நேரம், எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அப்படிப்பட்டவளை என்ன பெயர் சொல்லித் திட்ட வேண்டுமோ அத்தனையும் எனக்குத் தெரியும், எல்லாவற்றையும் சொல்லித் திட்டிக்கொண்டேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு போனேன்.

வெல்டர் தையல் ஆறி, கன்னம் பூசினாற்போல ஆகி, மறுபரிசோதனைக்கு வந்திருந்தான். சர்க்கரை மாத்திரை நிறுத்தியாயிற்று. பிரஷர் பச்சைத் தண்ணி மாதிரி. குழந்தை நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருந்தாள்.

"பாப்பாவுக்கு அது இல்லை. அவளுக்கு இந்த வியாதி வராது" என்றேன்.

அவன் அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். வெகுநேரம் இறக்கவில்லை. பிறகு அவளை வெளியே பாட்டியிடம் அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான்.

"அக்காவுக்கும் இதுதானே?"

"நான் அப்படித்தான் நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது. பாப்பாவுக்கு இருந்திருந்தா முடிஞ்சிருக்கும். அம்மாவுக்கு இருந்தாலும் பிள்ளைக்கு வராம போகலாம்."

"எனக்கு நிரூபணம் வேணாம். வார்டுல இருந்தப்போ தியேட்டர் சிஸ்டரம்மா வந்து பக்கத்துல உக்காந்து அழுதாங்க. ஏன்னு கேட்டேன். நீங்க ரெண்டு தடவை கையை எடுங்கன்னு சொன்னீங்களாம். அவர் எடுக்கலையாம். நிஜமா?"

சிஸ்டர் வாய் திறக்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது. விசாரணையில் இல்லை, கட்டிலருகே.

"நிஜம்" என்றேன்.

"எடுத்திருந்தா?"

"பிழைச்சிருக்கலாம்."

"நாங்க அவரைக் கும்பிட்டோமே" என்றான். "ரெண்டு தடவையும் கும்பிட்டோமே."

முகம் செங்கல் மாதிரி சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு குனிந்தான்.

என் கை தன்னால் பிரஷர் பட்டைக்குப் போனது, பழக்கம். தேவைப்படவில்லை. முழுசாகக் குனிந்து, செருப்பைக் கழற்றி, முழுசாக நிமிர்ந்தான். அந்தச் சிவப்பு அப்படியே இருந்தது, ஒரு துளி வெளுக்கவில்லை. மூளை உத்தரவு போட்டு, நரம்பு வழியாக இறங்கி, மீதமிருக்கும் ஒற்றை அட்ரினல் முறையாகச் சுரந்த கோபம். ஆரோக்கியமான கோபம். அதை நான்தான் அவனுக்குத் திருப்பிக் கொடுத்திருந்தேன்.

"அவர் ரூம் எது டாக்டர்?"

நான் டாக்டர். உட்கார், கோபப்படாதே, இதனால் உன் மேல் கேஸ் வரும் என்றெல்லாம் சொல்ல வேண்டியவள். கதவுக்கும் அவனுக்கும் நடுவில் நான்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"வலது பக்கம், கடைசி ரூம்" என்றேன். நகர்ந்து வழி விட்டேன்.